முட்டிக்கு முன்னால் ஒரு சாக்பீஸ் கோடு

எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும். தாராவியில் ஒரு பள்ளியில் இருபது வருடமாக விளையாட்டு டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பெயர் மிளகாய் வத்தல் என்பதும் தெரியும். வைத்துக்கொள்ளட்டும். நான் ஒன்று சொன்னால் அது நடக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பிடிவாதத்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு நல்லது நடந்திருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்கு அது என்ன செய்தது என்பதையும் நான்தான் எழுத வேண்டும்.

எங்கள் பள்ளிக்குப் பளு தூக்கும் சாமான்கள் வந்து நாலு வருடம் ஆகிறது. செம்பூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியில் ஜிம்மைப் புதுப்பித்தார்கள். பழைய கம்பியும் இரும்புத் தட்டுகளும் காயலான் கடைப் பங்கார்காரனுக்குப் போகப் போகின்றன என்று வாட்ச்மேன் சொன்னதும் செக்ரட்டரி வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டேன். அவர் குளித்துவிட்டு வரும்வரை நகரவில்லை. அன்று மாலையே ஒரு டெம்போவில் ஏற்றி, சயான் சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்று, பள்ளியின் மாடி ஹாலில் இறக்கிவிட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் காலை ஆறேகாலுக்கு நாற்பது பெண்பிள்ளைகள் வந்து நிற்பார்கள். பதின்மூன்று, பதினாலு, பதினைந்து வயது. எல்லோருக்கும் முதல் நாளே கம்பியைத் தூக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும்.

நான் விட மாட்டேன். தட்டுகள் பீரோவுக்குள், சாவி என் கைப்பைக்குள். முதல் இரண்டு மாதம் வெறும் உடம்புதான். ஸ்குவாட், லன்ஜ், இரண்டே இரண்டு. ஸ்குவாட் என்றால் இடுப்பைப் பின்னால் தள்ளி நேராக உட்கார்ந்து எழுவது. லன்ஜ் என்றால் ஒரு காலை முன்னால் வைத்து, பின்கால் முட்டி தரையைத் தொடும் அளவுக்கு இறங்கி எழுவது. கேட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் வெறும் உடம்போடு இறங்கும்போதே முட்டி உள்ளே சாய்கிறவளுக்குத் தோளில் இருபது கிலோவை வைத்தால், முட்டி இன்னும் வேகமாக உள்ளே சாயும். தப்பைத் தப்பாகவே பழகிவிட்டால் அப்புறம் கழற்றுவது பெரும்பாடு. "ஒன் ஒடம்பை ஒழுங்காத் தூக்கத் தெரியலை, ஒனக்குக் கம்பி எதுக்குட்டி?" என்று கேட்பேன். நாற்பது பேர் இருபதாகி, ஆகஸ்டில் பத்தாகிவிடுவார்கள். போகிறவர்களைப் பற்றி நான் யோசித்ததில்லை. நிற்கிறவர்கள் நிற்கட்டும் என்று இருந்துவிடுவேன்.

பாஸ் பண்ண ஒரு சோதனை வைத்திருந்தேன். கால்விரல் நுனியில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு துடைப்பக்கட்டையை நட்டுவைத்துப் பிடித்துக்கொள்வேன். இருபது ஸ்குவாட், காலுக்குப் பத்து லன்ஜ். முட்டி கட்டையைத் தொட்டால் அந்தத் தடவை கணக்கில் இல்லை. "முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது" என்பது என் வேதவாக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் போன பதினைந்து நாள் பயிற்சி வகுப்பில் ஒரு மாஸ்டர் சொன்னது. தாண்டினால் முட்டி தேய்ந்துவிடும் என்றார். அவரிடம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்டதில்லை. கேட்கும்படியாக நான் முகத்தை வைத்துக்கொண்டதும் இல்லை.

போன வருடம் ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் வந்தாள். அந்த வயதுக்கு நல்ல உயரம். அதிலும் இடுப்பிலிருந்து முட்டி வரைக்கும் நீளம், மற்றவர்களைவிட ஒரு சாண் கூடுதல் என்று தோன்றும். பிள்ளைகள் அவளை ஏணி என்று கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். தினமும் காலையில் அவளுடைய அக்கா கூட்டிக்கொண்டு வருவாள். அந்த நேரத்துக்குச் சந்தில் நாய்த் தொல்லை. அக்காவுக்குப் பதினேழு வயது இருக்கும், தோல் பை தைக்கும் பட்டறையில் மிஷினில் உட்காருகிறாள். எங்கள் பள்ளியில் படித்தவள்தான் என்று முகத்தை வைத்துத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஹால் வாசலில் டிபன் பையோடு நிற்பாள், ஏழரைக்குத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போவாள், ஒன்பதுக்கு வேலைக்குப் போவாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏணிக்குக் கம்பி மேல் பைத்தியம். மற்றவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது இவள் மூலையில் போட்டிருக்கும் தார்ப்பாயைத் தூக்கி, அதனடியில் இருக்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் சோதனையில் தேறவில்லை. ஒரு தடவை இல்லை, எட்டு வாரம். முட்டியைக் கட்டையில் படாமல் வைத்தால் பின்னால் பொத்தென்று விழுவாள். விழாமல் இருக்க வேண்டுமென்றால் நெஞ்சைத் தொடையில் கவிழ்த்துக்கொண்டு, கும்பிடு போடுவது மாதிரி குனிவாள். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். "ஏணி சாஞ்சிட்டு டீச்சர்" என்பார்கள். நான் அவர்களை அதட்டிவிட்டு அவளையும் அதட்டுவேன்.

"முட்டியப் பின்னால வைட்டி."

"வச்சா விழுதேன் டீச்சர்."

"இவளுகள்லாம் விழலையே. ஒனக்கு மட்டும் என்ன?"

அவள் மறுபடி விழுவாள். எழுந்து, பின்புறத் தூசியைத் தட்டிவிட்டு, கோட்டில் வந்து நிற்பாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

பள்ளிகளுக்கு இடையிலான பளு தூக்கும் போட்டிக்கு ஆறு பேர் பெயர் கொடுக்க வேண்டும். ஐந்து பேர் தேறி, லேசான கம்பியைத் தொட ஆரம்பித்திருந்தார்கள். ஆறாவது இடம் காலியாக இருந்தது. ஏணிக்கு அந்த இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அவளே ஒருநாள் சொன்னாள். அடுத்த வருடம் பத்தாவது. ஏப்ரலிலிருந்து காலை ஆறு மணிக்கு டியூஷன் போட்டுவிடுவார்கள். பெயர் கொடுத்துவிட்டால் மட்டும் போட்டி முடிகிறவரை விடுவதாக அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறாள். "இந்த வருஷம்தான் டீச்சர்" என்றாள். கெஞ்சவில்லை, தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பெயர் கொடுக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தப் பிள்ளைக்கு இது வராது. அதை அவள் அம்மாவிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும், வீணாக ஆசை காட்டக் கூடாது. பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. கீழ் அறையில் அம்மா டிபன் கட்டிக்கொண்டிருந்தாள். குர்லா பக்கத்துப் பட்டறைகளுக்கு ராத்திரிச் சாப்பாடு கொடுக்கிற தொழில். கைகால் ஓயாமல் வேலை நடந்துகொண்டிருந்தது.

"வாங்க டீச்சர், இரிங்க. இம்புட்டு தூரம் வந்திருக்கிய. பிள்ளை என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யலைம்மா. சும்மா பேசத்தான்."

"சும்மா பேச டீச்சர்மாரு வீட்டுக்கு வருவாகளா?" என்று சிரித்தாள். காபி போடப் போனாள். நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே தலையைத் திருப்பினேன்.

அறையின் மூலையில் மோரி, தண்ணீர் புழங்குகிற இடம். பம்பாயில் எல்லாச் சின்ன வீட்டிலும் இருக்கிற அந்த முழங்கால் உயரக் கட்டுக்குள், ஏணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பார் அண்டா, சாதப் பானை, இருபது டிபன் அடுக்கு. எனக்குப் பக்கவாட்டில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு குதிகாலும் ஈரத்தரையில் அப்படியே ஒட்டியிருந்தன. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. முட்டிகள் இரண்டும் கால்விரலைத் தாண்டி நாலு விரற்கடை முன்னால் இருந்தன, கொஞ்சம் வெளிப்பக்கம் பார்த்து, பாதம் பார்க்கிற திசையிலேயே. அண்டாவைக் கழுவி முடித்ததும் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். கையை ஊன்றவில்லை. குதிகால் ஒரு நூல் அளவுகூடத் தரையை விட்டுக் கிளம்பவில்லை. முதுகு நேராக, ஒரே மூச்சில் எழுந்து, அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, மறுபடி அதே மாதிரி இறங்கினாள்.

எட்டு வாரமாக நான் அவளிடம் கேட்டது அதைத்தான். அதைவிட நல்ல ஸ்குவாட்டை என் ஹாலில் நான் பார்த்ததில்லை. என் ஐந்து பேரில் ஒருத்திகூட அப்படி எழுந்ததில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"காப்பி ஆறுது டீச்சர்" என்றாள் அம்மா.

"இவ தெனமும் இப்படித்தான் தேய்ப்பாளாம்மா?"

"பின்ன, ஸ்டூல் போட்டா தேய்க்க முடியும்? ஒரு மணி நேரம் உக்காருவா. ஏன், என்ன விசயம்?"

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாளைக்குப் பிள்ளையை அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்த அம்மாள் என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ.

வீட்டுக்குப் போகாமல் மாட்டுங்காவில் இறங்கினேன். அங்கே ஒரு பிசியோதெரபி மாமி இருக்கிறாள், என் தோள்பட்டை பிடித்துக்கொண்டபோது சரிசெய்தவள். பாலக்காட்டுக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் ஊரே மாமி என்கிறது. கிளினிக்கில் கடைசி ஆள் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் விஷயத்தைச் சொன்னேன்.

"முட்டி தாண்டப்படாதுன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"மாஸ்டர் சொன்னாரு."

"எந்த மாஸ்டர்? படி இறங்கறச்சே உங்க முட்டி எங்க போறது? இறங்கிப் பாருங்கோ."

கிளினிக் வாசலில் மூன்று படி. இறங்கிப் பார்த்தேன். மேல்படியில் நின்ற காலின் முட்டி விரலைத் தாண்டித்தான் போயிற்று. இருபது வருடமாக ரயில் ஏற இறங்கத் தாண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மாமி பொறுமையாகச் சொன்னாள். தொடை நீளமான பிள்ளைக்கு முட்டி முன்னால் போனால்தான் உடம்பின் கனம் பாதத்துக்கு நடுவில் நிற்கும். அதைத் தடுத்தால் ஒன்று பின்னால் விழுவாள், இல்லை நெஞ்சைக் கவிழ்ப்பாள். கவிழ்த்தால் வேலை முழுக்க இடுப்புக்கும் கீழ் முதுகுக்கும் போகும். பார்க்க வேண்டியது வேறு. குதிகால் தரையில் இருக்கிறதா, முட்டி பாதம் பார்க்கிற திசையில் போகிறதா, முதுகு வளையாமல் இருக்கிறதா. நீளக் காலுக்குப் பாதத்தைக் கொஞ்சம் அகட்டி, விரலைச் சற்று வெளியே திருப்பி வைத்தால் இன்னும் சுலபம். "ஏற்கெனவே வலி இருக்கற முட்டின்னா அது வேற கதை, அப்போ எங்கிட்ட அனுப்புங்கோ. நல்ல முட்டிக்கு எதுக்கு வேலி?" என்றாள்.

"அப்ப நான் இருபது வருஷமா..."

"ஆமா" என்றாள். சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

செம்பூருக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு என் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு குறுக்கு யோசனையும் வந்தது. நாளைக்குச் சத்தம் போடாமல் கோடு போடுவதை விட்டுவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. ஏணியைப் பாஸ் போட்டுவிடலாம். ஒரு ஐந்து நிமிடம் அந்த யோசனை ரொம்ப நல்ல யோசனையாகத் தெரிந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். பிறகு என் ஐந்து பேரை நினைத்தேன். கட்டையில் படக் கூடாது என்று குனிந்து குனிந்து பழகிய முதுகுகள். அதே பழக்கத்தோடு கம்பியைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி இரண்டு வாரமாக இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள், நான் அவளைச் சோம்பேறி என்று திட்டியிருந்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றது போதும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஆறேகாலுக்கு எல்லோரையும் தரையில் உட்காரவைத்தேன். ஈரத் துணியை எடுத்து, அவர்கள் பார்க்கப் பார்க்கக் கோட்டை அழித்தேன். பழைய சாக்பீஸ் சிமென்டில் இறங்கியிருந்தது, நாலைந்து தடவை தேய்க்க வேண்டியிருந்தது.

"நான் ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுல ஒண்ணு தப்பு" என்றேன். "முட்டி விரலைத் தாண்டலாம். எனக்குத் தெரியலை. இத்தனை நாளும் தெரிஞ்ச மாதிரி ஒங்களை ஏசியிருக்கேன். ஒங்க தப்பு இல்ல, என் தப்பு."

மிளகாய் வத்தல் தப்பை ஒத்துக்கொள்ளும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். பிறகு ஒருத்தி மெதுவாகக் கை தூக்கினாள்.

"அப்ப நாங்க அஞ்சு பேரும் பாஸ் ஆனது?"

"செல்லாது. எல்லாரும் மறுபடி மொதல்லேருந்து. கம்பி இன்னைக்கு பந்த்."

"க்யா டீச்சர், தப்பு நீங்க பண்ணிட்டு தண்டனை எங்களுக்கா?"

நியாயமான கேள்வி. "இது தண்டனை இல்லட்டி. முதுகு ஒன்னுது, வீட்டுக்கு ஒன்னோடதான் வரும். பத்து நாள் குடு எனக்கு" என்றேன். முனகினார்கள். இடுப்பு வலிக்காரி மட்டும் முனகவில்லை. அவளை அன்று மாலையே மாட்டுங்காவுக்கு அனுப்பினேன். பிறகு எல்லோரிடமும் மோரியில் உட்காருகிற மாதிரி உட்காரச் சொன்னேன். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள், எல்லாக் குதிகாலும் தரையில். அத்தனை பேருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைத்தான் நான் சாக்பீஸ் போட்டு மறக்கடித்திருக்கிறேன். அடியில் தொங்கிக்கொண்டு நிற்காமல், முதுகை இறுக்கிப் பிடித்து, மூன்று எண்ணி இறங்கி, ஒன்று எண்ணி எழுவது மட்டும்தான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஏணி இருபதையும் நிறுத்தாமல் செய்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்கு அதோடு பாஸ் போட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். லன்ஜ் பாக்கி இருந்தது, அதில் அவளுக்கு உண்மையிலேயே ஒரு குறை இருந்தது. இத்தனை நாளும் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அதை நான் கவனிக்கவே இல்லை. இடதுகால் முன்னால் இருக்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தது. இந்த முறை என் கண்ணை மட்டும் நம்பவில்லை. என் போனைச் சுவரில் சாய்த்து, முன்னாலிருந்து ஒரு வீடியோ, பக்கத்திலிருந்து ஒரு வீடியோ எடுத்து அவளுக்கே காட்டினேன்.

"ஒனக்கு என்ன தெரியுது?"

"இடது முட்டி கட்டைவிரல் பக்கம் போகுது. சோத்துக்கால் பராபர், நேராப் போகுது."

"அது என் கட்டை சொன்ன தப்பு இல்ல, நெசத் தப்பு. பத்து நாள்ல எடுக்கணும். முடியுமா?"

"எடுத்துருவேன் டீச்சர்."

அவள் ஒரே கயிற்றில் நடப்பது போல இரண்டு பாதத்தையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்தாள், அதனால்தான் பாதி ஆட்டம். ரயில் தண்டவாளம் இரண்டு இருக்கிறதே, ஒரு கால் ஒன்றில், மறுகால் மற்றதில் என்று சொன்னதும் புரிந்துகொண்டாள். முதல் நாலு நாள் அடி எடுத்து வைக்கவே விடவில்லை. கால்களை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் ஒரு கை, நேராகக் கீழே இறங்கி எழுவது. இடது காலுக்குப் பாதி ஆழம் மட்டும், முட்டி சாயாத வரைக்கும். சாய்ந்த உடனே நிறுத்தம், அது எட்டாவதாக இருந்தாலும் சரி, மூன்றாவதாக இருந்தாலும் சரி. ஐந்தாம் நாள் கையை எடுத்தோம். ஏழாம் நாள் பின்னால் அடி வைத்து இறங்கச் சொன்னேன். முன்னால் வைப்பதைவிட அது கட்டுக்குள் நிற்கும். ஒன்பதாம் நாள்தான் முன்னடி. ஒவ்வொரு நாளும் அவள் வீடியோவைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போகுது", "இன்னும் கொஞ்சம்" என்று தானே சொல்லிக்கொண்டாள். நான் சொல்ல வேண்டியது குறைந்துகொண்டே போயிற்று. எனக்கு அது புதிது.

பத்தாம் நாள் சோதனை. ஸ்குவாட் இருபது, சுத்தம். வலதுகால் பத்து, சுத்தம். இடதுகாலில் ஏழாவது இறங்கும்போது முட்டி லேசாக ஆடியது. அவளே நிறுத்திவிட்டாள். "இது எண்ணாதீங்க டீச்சர்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்து, ஏழாவதை மறுபடி செய்தாள். எட்டு. ஒன்பது. பத்து. பிள்ளைகள் கை தட்டினார்கள். வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். மற்ற ஐந்து பேரும் அந்த வாரமே மறுபடி தேறியிருந்தார்கள், பட்டியலில் ஆறாவதாக இவள் பெயரை எழுதினேன். பீரோவைத் திறந்து, தட்டுகளை விட்டுவிட்டு, ஒரு மூங்கில் கழியை எடுத்துக் கொடுத்தேன், தோளில் வைத்துப் பழக. கம்பிக்கு இன்னும் ஒரு வாரம். அவள் அந்தக் கழியை வாங்கிக்கொண்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் தப்பை நானே சரி செய்துவிட்டேன் என்று ஒரு நிறைவும் வந்தது.

ஏழரைக்கு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஏணியும் கை கழுவப் போனாள். நான் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஹாலுக்குள் வருகிறாள்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க கோட்டை அழிச்சிங்கல்லா, நான் வாசல்ல நின்னு கேட்டேன்."

"ஆமா."

"மூணு வருசத்துக்கு முந்தி நானும் இங்க வந்தேன். ரெண்டு மாசம் வந்தேன். அந்தக் கோட்டுல நானும் விழுந்துட்டேதான் இருந்தேன். நீங்கதான் ஒனக்கு வராது, நின்னுக்கோன்னிய. ஞாவகம் இருக்கா?"

அவளைப் பார்த்தேன். தங்கையை மாதிரியே உயரம். இடுப்பிலிருந்து முட்டி வரை அதே நீளம். தினமும் காலையில் வாசலில் அந்த உயரத்தைப் பார்த்திருக்கிறேன். மூளையைக் கசக்கிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஜூனில் வருகிற நாற்பது பேரில் ஆகஸ்டில் இல்லாத முப்பது பேரில் ஒருத்தி.

"ஞாபகம் இல்லைம்மா" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அவள் கோபப்படவில்லை. தலையை ஆட்டினாள். "நான் என் முட்டிதான் சரியில்லைன்னு நெனச்சேன் டீச்சர். கோணலா இருக்கு, இந்தக் காலுக்கு ஒண்ணும் வராதுன்னு. அதுக்கப்புறம் நான் எதுலயும் சேரலை. நீங்க கோட்டை அழிக்கிற வரைக்கும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

பிள்ளைகள் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டது எவ்வளவு சுலபமான காரியம் என்பது அப்போதுதான் புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

"ஒன் முட்டில ஒரு கோளாறும் கெடையாது. கோளாறு எங்கிட்ட இருந்துச்சு. நாளைலேருந்து நீயும் வா. ஏழரைக்கு விட்டுர்றேன், வேலைக்கு நேரம் இருக்கும்."

"போட்டிக்கு எனக்கு வயசு போயிட்டுல்லா, இந்தப் பள்ளியும் இல்ல."

"போட்டிக்கு இல்லட்டி."

அவள் டிபன் பையை என் மேஜை மேல் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டு, பாதத்தைக் கொஞ்சம் அகட்டி வைத்தாள். பத்து நாளாக வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உதடு அசைய மூன்று எண்ணி இறங்கினாள். குதிகால் இரண்டும் தரையில் இருந்தன, நெஞ்சு நிமிர்ந்திருந்தது, முட்டி விரலைத் தாண்டி நேராக முன்னால் போயிற்று. அவள் விழவில்லை. அடியிலேயே அப்படி இருந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரியா இருக்கா டீச்சர்?"

சரியாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். பீரோச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்வதற்காக அவள் காத்திருந்தாள். பிறகு அவளே எழுந்தாள்.